உள்ளே ஒரு வலை, வெளியே ஒரு வலை

சந்தேகத்துக்குரிய ஒரு மென்பொருளைத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் வீட்டிலுள்ள மற்ற கணினிகளை அது தொட்டுவிடக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதை ஃபயர்வாலாகவும் ரவுட்டராகவும் வேலை செய்யவைக்கலாம். இங்கே விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளையும் ஓப்பன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வாலையும் எடுத்துக்கொள்கிறேன். திரையில் அதன் பெயர் OPNsense என்று தெரியும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் அமைந்த இது, பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் முதல் பதிப்பாக வெளிவந்தது.

நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. தரவிறக்கும் கோப்பு சுருக்கப்பட்டிருக்கும்; முதலில் அதை விரித்துக்கொள்ள வேண்டும். புது மெய்நிகர் கணினிக்கு FreeBSD (64-bit) வகையைத் தேர்ந்து, 4 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் கொடுத்தால் பழகுவதற்குப் போதும். அது எழுந்து நின்றதும் `installer` என்ற பெயரிலும் `opnsense` என்ற கடவுச்சொல்லிலும் உள்ளே போனால் நிறுவும் திரை வரும். முடிந்த பிறகு அந்த நிறுவல் கோப்பைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் கணினி மறுபடியும் அதிலிருந்தே எழும்; செய்த மாற்றங்கள் ஒவ்வொரு முறையும் காணாமல் போவதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம்.

உண்மையான வேலை இணைப்புகளில்தான் இருக்கிறது. மெய்நிகர் ஃபயர்வாலுக்கு இரண்டு நெட்வொர்க் அடாப்டர்கள் வேண்டும். முதலாவது `NAT` வகை. அது மடிக்கணினி வழியாக இணையத்துக்குப் போகும். இதுதான் வெளிவலை. இரண்டாவது `Internal Network` வகை. அது வெளியே எங்கும் போகாது. அதே பெயருள்ள உள்வலையில் சேர்ந்த மெய்நிகர் கணினிகளை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும். சோதனைக் கணினிக்கு ஒரே ஒரு அடாப்டர்தான், அதுவும் இந்த உள்வலையில். வலையின் பெயரை இரண்டு இடங்களிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக எழுத வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் இரண்டு தனி வலைகள் உருவாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. விண்டோஸ் சோதனைக் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் முதலில் இந்தப் பெயரைத்தான் சரிபார்க்க வேண்டும்.

`Host-only Adapter` என்றும் ஒரு வகை உண்டு. ஃபயர்வாலின் அமைப்புப் பக்கத்தை மடிக்கணினியிலிருந்தே திறக்கலாம் என்ற வசதிக்காகப் பலர் அதைத் தேர்ந்துகொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மடிக்கணினியின் ஒரு கால் உள்வலைக்குள் இருக்கும். ஆபத்தான எதையாவது சோதிக்கும் நோக்கம் இருந்தால் அந்த வசதி வேண்டாம் என்பதே என் கருத்து. அமைப்புப் பக்கத்தை உள்வலையிலுள்ள கணினியின் உலாவியிலிருந்து திறந்துகொள்ளலாம்.

அடுத்து, எந்த அடாப்டர் உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று ஃபயர்வாலுக்குச் சொல்ல வேண்டும். தானாக ஒதுக்கும்போது அது முதல் அடாப்டரை உள்பக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நம் அமைப்பில் அது தலைகீழ். இன்டெல் வகை அடாப்டர் வைத்திருந்தால் அவை `em0`, `em1` என்ற பெயர்களில் தெரியும். ஃபயர்வாலின் கருந்திரையில் `root` ஆக நுழைந்து, பட்டியலில் 1 என்று கொடுத்தால், ஒவ்வொன்றின் மேக் முகவரியும் வரும். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் தெரியும் முகவரியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கத்துக்கு `em0`, உள்பக்கத்துக்கு `em1` என்று கொடுக்கலாம். ஊகித்துச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு முகவரி. ஓப்பன்சென்ஸ் தன் உள்பக்கத்துக்கு 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றிலும் அதே எண்தான். நம் எடுத்துக்காட்டு வீட்டிலும் ரவுட்டர் 192.168.1.1 என்றே வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் NAT ஆக இருக்கும்வரை இந்த மோதல் வெளியே தெரியாது. என்றைக்காவது அதை `Bridged Adapter` ஆக மாற்றினால், வெளிப்பக்கத்துக்கு வீட்டு ரவுட்டரே 192.168.1.x முகவரி கொடுக்கும். அப்போது ஒரே எண்வரிசை இரண்டு பக்கமும் இருக்கும்; வெளியே போகும் வழியாகக் காட்டப்படும் 192.168.1.1 ஃபயர்வாலின் சொந்த முகவரியாகவும் இருக்கும். உள்ளேயிருக்கும் கணினிக்கு முகவரி கிடைக்கும், ஃபயர்வால் பதில் சொல்லும், அதற்கப்பால் எதுவும் போகாது. ஆகவே பட்டியலில் 2 என்று கொடுத்து, உள்பக்கத்தைத் தொடக்கத்திலேயே வேறு எண்வரிசைக்கு மாற்றிவிடுவது நல்லது. எல்லாம் சரியானால் திரையில் இப்படித் தெரியும்:

```
LAN (em1) -> v4: 10.20.30.1/24
WAN (em0) -> v4/DHCP4: 10.0.2.15/24
```

10.0.2.15 என்பது விர்ச்சுவல்பாக்ஸின் NAT வழக்கமாகக் கொடுக்கும் முகவரி. அது `WAN` வரியில் இருந்தால் பக்கங்கள் மாறவில்லை என்று உறுதி.

இனி சோதனைக் கணினியிலிருந்து மூன்று கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

```
ping 10.20.30.1
ping 8.8.8.8
ping opnsense.org
```

முதலாவது தோற்றால் உள்வலையில் கோளாறு. முதலாவது சரியாகி இரண்டாவது தோற்றால் வெளிப்பக்கத்தில் கோளாறு. மூன்றாவது மட்டும் தோற்றால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் சேவையில் கோளாறு. இதற்குமேல் ஒரு சோதனை உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளேயிருக்கும் கணினிக்கு இணையம் அறவே போக வேண்டும். போகவில்லை என்றால் அதற்கு இரண்டாவது அடாப்டர் எங்கோ மிச்சமிருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலைப் பூட்டியது போலத்தான் அது; விதிகளை எவ்வளவு எழுதினாலும் பயன் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கும். வெளியிலிருந்து உள்ளே வருவதை ஃபயர்வால் தானாகவே தடுக்கும். உள்ளேயிருந்து வெளியே போவதை முழுவதும் அனுமதிக்கும். அதன் பார்வையில் ‘வெளியே’ என்பது இணையம் மட்டுமல்ல, நம் வீட்டு வலையும்தான். சோதனைக் கணினியிலிருந்து `ping 192.168.1.1` கொடுத்தால் வீட்டு ரவுட்டர் பதில் சொல்லும். அந்த மென்பொருளும் இதே வழியில் வீட்டிலுள்ள மற்ற கணினிகளைத் தேடிப் போக முடியும். இதை அடைக்க, உலாவியில் `https://10.20.30.1` பக்கத்தைத் திறந்து, உள்பக்கத்து விதிகளில் 192.168.1.0/24 என்ற இலக்குக்குப் போகும் எல்லாவற்றையும் தடுக்கும் விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். எனவே தடுக்கும் விதி, எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதிக்கு மேலே இருக்க வேண்டும். பிறகு அதே பிங் கட்டளைக்குப் பதில் வரக் கூடாது; இணையம் மட்டும் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாடு உள்வலைக்கு மட்டும்தான் காவல். மடிக்கணினி ஃபயர்வாலுக்கு வெளியே நிற்கிறது. அதற்கு இது எந்தப் பாதுகாப்பும் தராது. வீடு முழுவதையும் இதன் பின்னால் கொண்டுவர வேண்டுமானால், இரண்டு கேபிள் துளைகளுள்ள தனிக் கணினி ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்றதை நிறுவி, ஒரு துளையை வெளிவலைக்கும் மற்றதை உள்வலைக்கும் ஒதுக்க வேண்டும். வெளிவலைப் பக்கத்தில் அந்தக் கணினிக்கென்று முகவரி எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஃபயர்வாலைத் தாண்டி அது நேராக இணையத்துக்கு முகம் காட்டும். அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் இணையம் நின்றுபோகும் என்பதால், மற்ற மெய்நிகர் கணினிகளுக்கு முன்னால் ஃபயர்வால் தானாக எழும்படி அமைத்துவிட வேண்டும்.