டேப்பில் 48 அங்குலம், தடியில் எத்தனை கன அடி?

தேக்குத் தடி ஒன்றைச் சுற்றி டேப் பிடித்த படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. டேப்பில் 48 அங்குலம் தெரிகிறது, கூடவே ‘நீளம் 10 அடி’ என்ற குறிப்பு. இதற்கு மரக்கடைக் கணக்கு எளிது. சுற்றளவை நாலால் வகுத்தால் 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை நீளம் பத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 10 கன அடி.

உண்மையில் அந்த உருளையின் முழுக் கனஅளவு 12.7 கன அடிக்கு மேல். நாலில் ஒரு பங்குச் சுற்றளவை வைத்துப் போடும் இந்தக் கணக்கு, அறுக்கும்போது போகும் ஓரத்துக்கும் தூளுக்குமாக அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கழித்துவிடுகிறது. அதனால்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பட்டைக்கும் வெள்ளைக்கும் அது தனியாக எதையும் கழிப்பதில்லை.

அதற்கு முன் படத்தையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். டேப்பின் நுனி படத்தில் தெரிகிறதா? நுனி கிழிந்த டேப்பை 2 அங்குலக் கோட்டில் பிடித்துச் சுற்றியிருந்தால் உண்மைச் சுற்றளவு 46தான், கனம் 9.2 ஆகிவிடும். சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால் சின்னப் பிழையும் இரட்டிப்பாகும். பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் கோடு நகர்ந்தும் தெரியும். டேப் எந்த இடத்தில் சுற்றியிருக்கிறது என்பதும் முக்கியம். அடிப்பக்கம் 48, நுனிப்பக்கம் 40 என்று தடி ஒடுங்கினால், நடுவில் 44 இருக்கும், கணக்கு 8.4 கன அடி. விற்கிறவர் படம் எடுப்பது பெரும்பாலும் பருத்த பக்கத்தில்தான். முழுத்தடியும் டேப்பும் சேர்ந்து தெரியும் இன்னொரு படம் கேளுங்கள்.

நம் 48 அங்குலம் நடுவில் எடுத்ததுதான், ஆனால் பட்டையோடு என்று வைத்துக்கொள்வோம். பட்டை அரை அங்குலக் கனம் இருந்தால் சுற்றளவில் 3 அங்குலத்துக்குச் சற்று மேல் குறையும். இது பலருக்கு நம்பிக்கை வராத கணக்கு. ஆனால் பட்டை இரு பக்கமும் போவதால் விட்டம் ஓர் அங்குலம் குறைகிறது, சுற்றளவு அதன் 3.14 மடங்கு. மிச்சம் சுமார் 8.7 கன அடி. அதற்குள் ஓர் அங்குல வெள்ளை இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வைரம் மட்டும் சுமார் 6.5 கன அடி.

கன அடி 3,000 ரூபாய் என்று பேசி, பத்துக்கு 30,000 கொடுத்தால், வைரம் கன அடி 4,600 ரூபாய்க்கு மேல் விழுகிறது. இளந்தேக்கில் வெள்ளை இன்னும் அகலமாக இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் கூடும். வெள்ளை எவ்வளவு என்று டேப் படம் காட்டாது. இரு முனைகளையும் நேர் எதிரே நின்று, அளவுகோலை மேலே வைத்து எடுத்த படங்கள் வேண்டும். நடுவில் பொந்தோ வெடிப்போ இருந்தாலும் அங்கேதான் தெரியும். வெடிப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் எந்தப் படமும் சொல்லாது. அதற்குத் தடியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.