காலி நாற்காலிக்கும் ஒரு கணக்கு உண்டு

கணக்குக்கு ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்கள் 120. பி.எஃப். பங்கு உட்பட ஒருவருக்கு நிர்வாகம் செலவழிப்பது சராசரியாக மாதம் ரூ.40,000. பட்ஜெட் போடுகிறவர் 120 பேருக்கு 12 மாதம் என்று பெருக்கி, ரூ.5 கோடியே 76 லட்சம் என எழுதிவிடுவார். பெருக்கலில் தவறில்லை. ஆனால் மார்ச் முடிந்து பார்த்தால் அவ்வளவு செலவாகியிருக்காது. வருடம் முழுக்க 120 பேரும் வருகைப் பதிவேட்டில் இருந்த நாள் அநேகமாக ஒன்றுகூட இருக்காது என்பதுதான் காரணம். யாராவது விலகிக்கொண்டே இருப்பார்கள்; அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இப்படி மிச்சமாகும் சம்பளத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு பட்ஜெட்டில் கழிக்கும் விகிதத்துக்குக் காலியிடக் காரணி என்று பெயர். பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்களின் பட்ஜெட்டில் இந்தக் கழிவு தனி வரியாகவே இடம்பெறும். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும், “ஒரு அஞ்சு சதவீதம் குறைச்சுப் போடுங்க” என்ற வாய்வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு காலியிடத்தின் பின்னால் நாள்காட்டியோடு நடந்தால் போதும்.

ஜூன் 1-ஆம் தேதி ஒரு நர்ஸ் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். நோட்டீஸ் பீரியட் ஒரு மாதம். ஜூன் 30 வரை அவர் வேலைக்கு வருகிறார், சம்பளமும் வாங்குகிறார். எனவே அந்த மாதத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இதற்கிடையே, மாற்று ஆள் எடுக்க மேலிடம் அனுமதி தருவதற்கு ஜூன் 15 ஆகிவிடுகிறது. விளம்பரம், நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்குப் போகும்போது ஜூலை 31. தேர்வானவரோ இன்னொரு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்; அங்கே அவருக்கு நோட்டீஸ் இரண்டு மாதம். அதை முடித்து ரிலீவிங் லெட்டரோடு அவர் வந்து சேருவது அக்டோபர் 1.

கடிதம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் நான்கு மாதம். ஆனால் நாற்காலி காலியாக இருந்தது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று மாதம்தான். போகிறவரின் நோட்டீஸ் காலியிடத்தைச் சுருக்குகிறது. வருகிறவரின் நோட்டீஸ் அதை நீட்டுகிறது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். ராஜினாமா தேதியிலிருந்தே மிச்சத்தை எண்ணத் தொடங்கினால், ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் இல்லாத சேமிப்பாகக் கணக்கில் ஏறிவிடும்.

இந்த மருத்துவமனையில் வருடத்துக்கு 24 பேர் விலகுகிறார்கள் என்றும், சராசரியாக ஒவ்வொரு இடமும் மூன்று மாதம் காலியாக இருக்கிறது என்றும் கொள்வோம். 24-ஐ மூன்றால் பெருக்கினால் 72 காலி மாதங்கள். 120 பணியிடங்களுக்கு வருடத்தில் மொத்தம் 1,440 மாதங்கள். 72-ஐ 1,440-ஆல் வகுத்தால் சரியாக 5 சதவீதம். பணமாகப் பார்த்தால் ரூ.28 லட்சத்து 80 ஆயிரம். வாய்வார்த்தையாகச் சொன்ன அதே ஐந்துதான். ஆனால் இப்போது அதற்குப் பின்னால் விலகல் எண்ணிக்கையும் தேதிகளும் நிற்கின்றன. அவை மாறினால் இதுவும் மாறும். அனுமதியும் தேர்வும் ஒரே மாதத்தில் முடிந்தால், காலியிடம் இரண்டு மாதமாகக் குறையும், காரணியும் 3.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

இந்த 28.8 லட்சத்தை அப்படியே பட்ஜெட்டிலிருந்து வெட்டிவிடலாமா? முடியாது. ஐ.சி.யு.வில் நைட் ஷிஃப்டுக்கு ஆள் இல்லை என்றால் நாற்காலியைக் காலியாகப் போட்டுவைக்க வழியில்லை. காலி மாதங்களில் பாதியை, அதாவது 36 மாதங்களை, ஏஜென்சி நர்ஸ்களை வைத்து ஓட்டுகிறார்கள் என்று கொள்வோம். ஏஜென்சி பில் மாதம் ரூ.42,000. ஆள் வழங்கும் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறக்குறைய ரூ.50,000. மருத்துவச் சேவைக்குப் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், கட்டிய வரியை மருத்துவமனை வரவு எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆக மொத்தம் ரூ.18 லட்சம் இந்த வழியில் போய்விடுகிறது. கையில் நிற்பது ரூ.10.8 லட்சம், மொத்தப் பட்ஜெட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏஜென்சி செலவு வேறொரு தலைப்பில் எழுதப்படுவதால், சம்பளத் தலைப்பை மட்டும் பார்க்கிறவருக்கு 5 சதவீதம் மிச்சமானது போலவே தெரியும்.

புதிதாக உருவாக்கிய பணியிடங்களை இந்தக் காரணிக்குள் கொண்டுவரக் கூடாது. ஏப்ரலில் பத்து இடங்களுக்கு அனுமதி கிடைத்து, ஆட்கள் ஆகஸ்டில்தான் சேருகிறார்கள் என்றால், அந்த நான்கு மாத மிச்சம் ரூ.16 லட்சம். அது அந்த ஒரு வருடத்தோடு முடிந்துபோகும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அடுத்த வருடத்துக் காரணி காரணமில்லாமல் வீங்கும். புதிய இடங்களுக்கு, ஆள் சேரும் மாதத்திலிருந்து பட்ஜெட் போடுவதே நேர்வழி.

சின்னப் பிரிவுகளிலும் கவனம் தேவை. நான்கு பேர் உள்ள ரத்த வங்கியில் 5 சதவீதம் என்பது ஓர் ஆளில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படி யாரும் விலக முடியாது. நால்வரும் வருடம் முழுக்க இருந்தால், எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பிரிவு பட்ஜெட்டை மீறியதாகப் பெயர் வாங்கும். அதனால் கழிவைப் பிரிவு பிரிவாகப் பங்கிடாமல், மொத்த நிறுவனத்துக்கும் ஒரே வரியாக வைப்பது நல்லது. காலியாகும் இடங்கள் பெரிய சம்பள இடங்களாக இருந்தால், தலைகளை எண்ணாமல் சம்பளத்தை எண்ண வேண்டும்.

போட்ட கணக்கு சரியாகப் போகிறதா என்று பார்க்க மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். 120-இல் 5 சதவீதம் என்றால் எந்த நாளில் எண்ணினாலும் சராசரியாக ஆறு இடங்கள் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் எட்டு, இன்னொரு மாதத்தில் நான்கு என்று ஆடுவது இயல்பு. தொடர்ந்து மூன்றுதான் இருக்கிறது என்றால், மாதம் ரூ.1.2 லட்சம் துண்டு விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதிகம் பேர் நிலைத்து வேலை செய்ததால் வந்த துண்டு அது. பத்தைத் தாண்டினால் சம்பள மிச்சத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஏஜென்சி பில்லைப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணிக்கையோடு இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது: மாற்று ஆள் கேட்ட நாளுக்கும் அனுமதி கிடைத்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? ஜூன் மாதத்தில் 15 நாளாக இருந்தது, ஜனவரியில் 45 நாளாகியிருந்தால், காலியிடம் தானாக உண்டாகவில்லை. பட்ஜெட்டில் எழுதிய ஐந்தை எட்டுவதற்காகக் கோப்பு யாரோ ஒருவர் மேஜையில் காத்திருக்கிறது. அதன் பிறகு அந்த எண்ணை மதிப்பீடு என்று சொல்ல முடியாது; வார்டில் இருப்பவர்களின் முதுகில் ஏற்றிய ஆள்குறைப்பு அது.