மருத்துவமனைக் கட்டணத்தில் நோயாளியின் பங்கு

தெம்பனிஸ் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு அருகில் உள்ள பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று, சீமெய்யில் உள்ள சாங்கி பொது மருத்துவமனை. இத்தகைய பொது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பொதுவாக மெடிஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. இத்திட்டம் 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகிய அனைவரும், வயது எதுவாக இருந்தாலும், முன்பே நோய் இருந்தாலும், இதில் அடங்குவர்.

ஆனாலும், "காப்புறுதி இருக்கிறதே, பிறகு ஏன் நாம் பணம் கட்ட வேண்டும்?" என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. சில நேரங்களில் காப்புறுதி ஒரு வெள்ளிகூடத் தருவதில்லை. வேறு சில நேரங்களில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று கழிவுத்தொகை, அதை ஆங்கிலத்தில் 'டிடக்டிபிள்' என்பர். மற்றொன்று இணைக்கட்டணம், அதாவது 'கோ-பேமென்ட்'. மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் இந்த இரண்டாவது பங்கை இணைக்காப்புறுதி என்றும் குறிப்பிடுவர். பெயர் வேறானாலும் கணக்கிடும் முறை ஒன்றே.

'கழிவு' என்றதும் கடையில் கிடைக்கும் தள்ளுபடி நினைவுக்கு வரலாம். இங்கே பொருள் அதற்கு நேர் எதிரானது. காப்புறுதி தர வேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்படுவதுதான் கழிவுத்தொகை. ஆகவே, அதைச் செலுத்த வேண்டியவர் நோயாளியே. கட்டணம் அந்தத் தொகையைத் தாண்டும்வரை காப்புறுதி தன் பங்கைத் தரத் தொடங்குவதில்லை. தாண்டிய பிறகு எஞ்சும் தொகையிலும் ஒரு விழுக்காட்டை நோயாளி ஏற்க வேண்டும். அதுவே இணைக்கட்டணம்.

மெடிஷீல்டு லைஃப் தொடங்கப்பட்டபோது, 80 வயதுக்கு உட்பட்ட ஒருவர் 'சி' வகுப்பு வார்டில் தங்கினால் அவருக்கான கழிவுத்தொகை ஓராண்டுக்கு 1,500 வெள்ளி. 'பி2' வகுப்பு என்றால் 2,000 வெள்ளி. இணைக்காப்புறுதி 10 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடுவரை இருந்தது. கட்டணம் பெரிதாகப் பெரிதாக விகிதம் குறையும். இத்தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே, ஒரு குடும்பம் தன் கட்டணத்தைச் சரிபார்க்கும்போது அந்த ஆண்டுக்குரிய தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கைப் புரிந்துகொள்ள இங்கே 1,500 வெள்ளியும் 10 விழுக்காடும் போதும்.

எடுத்துக்காட்டாக, தெம்பனிசில் வசிக்கும் 58 வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் டெங்கிக் காய்ச்சலால் 'சி' வகுப்பு வார்டில் சில நாள்கள் தங்குகிறார். அரசாங்க மானியம் போக அவருடைய கட்டணம் 1,200 வெள்ளி. கழிவுத்தொகையோ 1,500 வெள்ளி. கட்டணம் அந்த எல்லையை எட்டவே இல்லை. ஆகவே, காப்புறுதி தருவது சுழியம்.

"அப்பா, ஆண்டுதோறும் தவறாமல் சந்தா கட்டுகிறோமே, ஒன்றும் கிடைக்காதா?" என்று அவருடைய மகள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால், அந்த 1,200 வெள்ளி வீணாகிவிடவில்லை. கழிவுத்தொகை ஒவ்வொரு முறைக்கும் புதிதாகத் தொடங்குவதன்று. ஒரு காப்புறுதி ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. அவருடைய கணக்கில் 1,200 வெள்ளி ஏறிவிட்டது. இன்னும் எஞ்சியிருப்பது 300 வெள்ளி மட்டுமே.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அவருக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மானியம் போகக் கட்டணம் 4,500 வெள்ளி. முதலில் எஞ்சிய கழிவுத்தொகையான 300 வெள்ளியைக் கழிக்க வேண்டும். மீதி 4,200 வெள்ளி. அதில் 10 விழுக்காடு, அதாவது 420 வெள்ளி, இணைக்கட்டணம். ஓட்டுநர் ஏற்கும் தொகை மொத்தம் 720 வெள்ளி. காப்புறுதி 3,780 வெள்ளியைத் தருகிறது.

அந்த ஆண்டில் அவருக்கு டெங்கி வராமல் இருந்திருந்தால் இதே அறுவை சிகிச்சைக்கு அவர் எவ்வளவு செலுத்தியிருப்பார்? கழிவுத்தொகை 1,500 வெள்ளி, மீதி 3,000 வெள்ளியில் 10 விழுக்காடு 300 வெள்ளி, ஆக 1,800 வெள்ளி. ஒரே சிகிச்சை, ஒரே கட்டணம். ஆனால், வீடு திரும்பும்போது செலுத்தும் தொகை வேறு. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் குறைவாகக் கட்டினார் என்பதற்காக மருத்துவமனை தவறு செய்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

அதே ஆண்டில் ஓட்டுநர் மூன்றாம் முறையும் வார்டில் சேர்ந்து 3,000 வெள்ளிக் கட்டணம் வந்தால் என்ன ஆகும்? கழிவுத்தொகை முழுவதும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆகவே, அது இம்முறை இல்லை. இணைக்கட்டணம் மட்டும் 300 வெள்ளி. இரண்டு ஏற்பாடுகளின் இயல்பும் இங்கேதான் தெளிவாகப் பிரிகின்றன. கழிவுத்தொகை ஆண்டுக்கு ஒருமுறை நிரம்பினால் போதும். இணைக்கட்டணம் ஒவ்வொரு கட்டணத்தோடும் வரும். கட்டணம் வளர்ந்தால் அதுவும் வளரும்.

காப்புறுதி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கும் என்பதில்லை. அது ஒவ்வொருவரின் புதுப்பிப்புத் தேதியைப் பொறுத்தது. மூன்றாவது கட்டணம் புதுப்பிப்புத் தேதிக்குப் பிறகு வந்திருந்தால் 1,500 வெள்ளி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். அப்போது ஓட்டுநர் 300 வெள்ளிக்குப் பதிலாக 1,650 வெள்ளி செலுத்த நேர்ந்திருக்கும். அவசரமில்லாத சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது இந்தத் தேதியைப் பற்றி யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்பது நல்லது.

கணக்கின் வரிசையும் முக்கியம். முதலில் கழிவுத்தொகை, பிறகே விழுக்காடு. வரிசையை மாற்றி, 4,500 வெள்ளியில் முதலில் 10 விழுக்காட்டைக் கழித்தால் 4,050 வெள்ளி வரும். அதிலிருந்து 1,500 வெள்ளியைக் கழித்தால் காப்புறுதி தருவது 2,550 வெள்ளி ஆகிவிடும். சரியான வரிசையில் அது 2,700 வெள்ளி. வீட்டில் தாளும் பேனாவும் வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு விடை ஒத்துவராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. வார்டில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு வகை அறுவை சிகிச்சைக்கும் காப்புறுதி கணக்கில் எடுத்துக்கொள்ளும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. கட்டணம் 4,500 வெள்ளியாக இருந்தும் வரம்புக்குள் அடங்குவது 4,000 வெள்ளி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். கழிவுத்தொகை 1,500 வெள்ளி, எஞ்சிய 2,500 வெள்ளியில் இணைக்கட்டணம் 250 வெள்ளி, வரம்புக்கு மேற்பட்ட 500 வெள்ளி ஆகிய மூன்றும் நோயாளியைச் சேரும். மொத்தம் 2,250 வெள்ளி. அந்த 500 வெள்ளி கழிவுத்தொகையும் அன்று, இணைக்கட்டணமும் அன்று. பட்டியலில் விளங்காத ஒரு தொகை தெரிந்தால் முதலில் இந்த வரம்பைப் பற்றிக் கேட்க வேண்டும். மெடிஷீல்டு லைஃப் 'பி2', 'சி' வகுப்புக் கட்டணங்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட திட்டம். அதனால், 'ஏ' வகுப்பிலோ தனியார் மருத்துவமனையிலோ தங்குவோரின் கட்டணத்தில் ஒரு பகுதி மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

நோயாளியின் பங்கு என்பதால் அதை முழுவதும் கைப்பணமாகவே கட்ட வேண்டும் என்று பொருளில்லை. கழிவுத்தொகையையும் இணைக்கட்டணத்தையும் மெடிசேவ் சேமிப்பிலிருந்து, அதற்குரிய வரம்புக்குள், செலுத்தலாம். பெற்றோருக்காகப் பிள்ளைகளின் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். காப்புறுதிக்கான விண்ணப்பத்தை மருத்துவமனையே மின்னியல் முறையில் அனுப்புகிறது. வீடு திரும்பும் நாளில் தெரிவிக்கப்படும் தொகை பெரும்பாலும் ஒரு மதிப்பீடு. இறுதிக் கட்டணப் பட்டியல் பிறகு வரும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முழுத் தொகையையும் காப்புறுதியே தந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அமெரிக்காவில் 1970களில் ரேண்ட் ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு இலவச மருத்துவம் கிடைத்தது. மற்றவை செலவில் ஒரு பங்கை ஏற்றன. பங்கு செலுத்திய குடும்பங்கள் மருத்துவச் சேவைகளைக் குறைவாகப் பயன்படுத்தின. தேவையற்ற சேவைகளோடு தேவையான சேவைகளையும் அவை குறைத்துக்கொண்டன என்பதும் தெரியவந்தது. ஆகவே, நோயாளியின் பங்கு மிகச் சிறியதாக இருந்தாலும் சிக்கல், மிகப் பெரியதாக இருந்தாலும் சிக்கல்.

சிங்கப்பூரில் இதே இழுபறி துணைக் காப்புறுதியில் காணப்படுகிறது. மெடிஷீல்டு லைஃப் திட்டத்துக்கு மேல், தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த திட்டத்தையும், அதனோடு 'ரைடர்' எனப்படும் துணைக் காப்புறுதியையும் பலர் வாங்குகின்றனர். முன்பு சில துணைக் காப்புறுதிகள் கழிவுத்தொகை, இணைக்கட்டணம் இரண்டையும் முழுமையாக ஏற்றன. நோயாளி ஒன்றும் கட்டாமல் வீடு திரும்பலாம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுகாதார அமைச்சு இதை மாற்றியது. புதிய துணைக் காப்புறுதி வாங்குவோர் குறைந்தது 5 விழுக்காடு இணைக்கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அடுத்த மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய துணைக் காப்புறுதிகள் குறைந்தபட்சக் கழிவுத்தொகையை ஏற்கக் கூடாது.

தனியார் மருத்துவமனையில் 20,000 வெள்ளிக் கட்டணம், கழிவுத்தொகை 3,500 வெள்ளி என்று கொண்டால் வேறுபாடு புலப்படும். 2018க்குப் பிந்திய விதிப்படி, கழிவுத்தொகையையும் ஏற்கும் துணைக் காப்புறுதி உள்ளவர் 20,000 வெள்ளியில் 5 விழுக்காடான 1,000 வெள்ளி செலுத்துவார். புதிய விதிப்படி முதலில் 3,500 வெள்ளி, பிறகு எஞ்சிய 16,500 வெள்ளியில் 5 விழுக்காடான 825 வெள்ளி, ஆக 4,325 வெள்ளி செலுத்துவார். இணைக்கட்டண விகிதம் மாறவே இல்லை. கழிவுத்தொகை ஒன்று திரும்பி வந்ததாலேயே நோயாளியின் பங்கு நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.