விருந்தினர் வரும்வரை

ஓர் உயர்நிலைப் பள்ளியில் இலக்கிய மன்ற ஆண்டு விழா மாலை 5 மணிக்குத் தொடங்க இருந்தது. அவையோர் வந்து அமர்ந்துவிட்டனர். சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. அவர் வந்த பேருந்து வழியில் பழுதுற்றது என்றும், அவர் வந்துசேர 40 நிமிடங்கள் ஆகும் என்றும் செய்தி கிடைத்தது. மன்றச் செயலாளனாகிய மாணவன் யாது செய்தான்?

முதலில் அவன் நிகழ்ச்சி நிரலை இரு கூறாகப் பிரித்தான். சிறப்புரையும் பரிசு வழங்கலும் விருந்தினர் இன்றி நடவா. இறைவணக்கமும் ஆண்டறிக்கையும் மாணவர் நிகழ்ச்சிகளும் அவருக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. வரவேற்புரையையும் அவன் இரண்டாக்கினான். தலைவரையும் அவையோரையும் முன்னே வரவேற்பது. விருந்தினரை அவர் வந்தபின் வரவேற்பது. இம்மாற்றங்களுக்குத் தலைவரின் இசைவைப் பெற்றபின், விருந்தினர் வரும் நேரத்தையும் தாமதத்தின் காரணத்தையும் அவைக்கு ஒருமுறை தெளிவாக அறிவித்தான். "இதோ வந்துவிடுவார்" என்று பன்முறை கூறினால் அவையோர் நம்பிக்கை இழப்பர் அல்லரோ?

அரை மணி நேர நாடகம் ஒன்று ஆயத்தமாக இருந்தது. ஆயினும், அதனை அவன் முன்னே கொணரவில்லை. இடையில் நிறுத்தினால் நாடகம் கெடும். நிறுத்தாவிடின் விருந்தினர் நெடுநேரம் காத்திருக்க நேரும். ஆதலின், திருக்குறள் ஒப்புவித்தல், விடுகதை, சிறு பாடல் என மூன்று நான்கு நிமிடங்களில் முடிபவற்றையே தேர்ந்தெடுத்தான். விருந்தினர் எப்பொழுது வரினும், நடப்பது முடிந்தவுடன் அவரை மேடைக்கு அழைக்கலாம்.

விருந்தினர் வாயிலை அடைந்தபொழுது ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். அனைவரும் திரும்பி நோக்கவே, அவன் குரல் தடுமாறியது. "பாட்டை நிறுத்திவிடலாம்" என்றார் ஒருவர். செயலாளனோ, தொடர்ந்து பாடுமாறு சிறுவனுக்குக் குறிப்புக் காட்டிவிட்டு, வாயிலுக்கு விரைந்து விருந்தினரை வணங்கினான். அவர் தண்ணீர் அருந்தி இளைப்பாறும் அளவில் பாட்டும் முடிந்தது. கைதட்டல் ஒலிக்க அவரை மேடைக்கு அழைத்துவந்தான்.

அறிமுகவுரையை அவன் இரண்டு பக்க அளவில் எழுதி வைத்திருந்தான். அதில் மூன்று செய்திகளையே கூறினான்: "நம் விருந்தினர் இருபது ஆண்டுகளாக ஓலைச்சுவடிகளை ஆராய்ந்து வருபவர். நம் மன்ற நூலகத்திற்கு முதன்முதல் நூல்கள் வழங்கியவர். வழியில் நேர்ந்த இடையூற்றைப் பொருட்படுத்தாது வந்து, சுவடி படிக்கும் முறையை நமக்கு விளக்க இசைந்துள்ளார்." பெயரை இறுதியில் கூறி அமர்ந்தான். "நேரம் இல்லாமையால் சுருக்குகிறேன்" என்று அவன் கூறவில்லை. கூறியிருப்பின், அது விருந்தினர்மீது குறை சொல்வதாக முடிந்திருக்கும்.

நன்றியுரையில் விருந்தினர் பெயருக்குப்பின், தடுமாறியும் பாடி முடித்த அச்சிறுவன் பெயரும் ஒலித்தது.