மீட்டரில் எவ்வளவு மீதி?

செமினியில் புரோகா சாலைப் பக்கம் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு, அக்கம்பக்கத்துத் தாமான்களில் வீடுகளை அறை அறையாக வாடகைக்கு விடுவது வழக்கமாகிவிட்டது. மாணவர்களும் காஜாங், பாங்கி பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்களும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். இப்படிப்பட்ட அறைகள் சிலவற்றில் கதவுக்குப் பக்கத்திலோ கூடத்துச் சுவரிலோ சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று இருக்கும். கைப்பேசிக்கு டாப் அப் செய்வதுபோல் அதற்கும் முன்கூட்டியே பணம் போடவேண்டும். மீதி தீர்ந்தால் அந்த அறைக்கு மட்டும் மின்சாரம் நின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் தெனாகா நேஷனல் பொருத்தியிருக்கும் ஸ்மார்ட் மீட்டர் வேறு, அறையில் இருக்கும் இந்த மீட்டர் வேறு. தெனாகாவின் மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை பயன்பாட்டைப் பதிந்து தானாகவே அனுப்பிவைக்கும். ஆனால் பில் மாத முடிவில்தான் வரும். அறை மீட்டரோ வீட்டுக்காரர் சொந்தச் செலவில் வாங்கி, தெனாகாவின் மீட்டருக்குப் பின்னால் மாட்டிய துணை மீட்டர். அதில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென் கழியவேண்டும் என்பதை நிர்ணயிப்பவரும் அவரே. தெனாகா கணக்கில் அந்த வீடு முழுவதும் ஒரே வாடிக்கையாளர்தான். குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான் பிறக்கின்றன.

அறை மீட்டர் முறையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது முதல் வேலை. அப்படிக் கூட்டிய தொகைதான் திரையில் kWh என்று தெரியும் எண். அது ஏறுமே தவிர இறங்காது. இரண்டாவது வேலை, அந்த யூனிட்டுகளை விகிதத்தால் பெருக்கி மீதியிலிருந்து கழிப்பது. மூன்றாவது, மீதி தீர்ந்ததும் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்சைத் திறந்து மின்சாரத்தை நிறுத்துவது. அளப்பது எப்போதும் மீட்டருக்குள்தான் நடக்கும். ஆனால் மீதியைக் கழிக்கும் கணக்கு எங்கே நடக்கிறது என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும், அதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

பழைய வகை மீட்டரில் கணக்கு மீட்டருக்குள்ளேயே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் வேரூன்றி உலகெங்கும் பரவிய முறை அது. பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று கிடைக்கும், அதை மீட்டரின் விசைப்பலகையில் அழுத்தவேண்டும். ஒரே எண்ணை இரண்டு முறை பயன்படுத்த முடியாதபடி, அது எந்த நிமிடத்தில் வழங்கப்பட்டது என்பதும் அதற்குள் மறைந்திருக்கும். 1993-இல் தொடங்கிய அந்த நிமிடக் கணக்குக்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24-ஆம் தேதியோடு நிரம்பிவிட்டது. அதற்குள் புதிய குறியீட்டுக்கு மாற்றாத மீட்டர்கள் புதிய டாப் அப் எண்களை ஏற்காமல் போயின.

செமினி அறைகளில் இன்று மாட்டப்படும் புதிய வகைகள் பெரும்பாலும் வைஃபை வழியாக இணையத்தோடு பேசுபவை. பணம் செயலி வழியாகப் போகிறது. கணக்கை வைத்திருப்பது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். மீட்டர் அவ்வப்போது தன் யூனிட் எண்ணை அனுப்பும், சர்வர் அதைப் பார்த்து மீதியைக் குறைக்கும். வீட்டு வைஃபை இரண்டு நாள் படுத்துவிட்டால் மீட்டர் சும்மா இருக்காது, அளந்துகொண்டேதான் இருக்கும். செயலியில் மட்டும் மீதி அசையாமல் நிற்கும். இணைப்பு திரும்பியதும் அந்த இரண்டு நாள் யூனிட்டுகளையும் சர்வர் ஒரே மூச்சில் கழிக்கும். "நேற்று இருபது ரிங்கிட் இருந்தது, காலையில் பார்த்தால் எட்டுதான் இருக்கிறது" என்ற புகார்களில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். டாப் அப் செய்த பணம் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது, மின்சாரம் மட்டும் வரவில்லை என்ற நிலைக்கும் காரணம் இதே அறுந்த இணைப்புதான். பணம் சர்வருக்குப் போய்விட்டது; ரிலேயை மூடச் சொல்லும் கட்டளை மீட்டரை எட்டவில்லை.

மீதி எதிர்பாராமல் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில மீட்டர்கள் மீதி தீர்ந்த பிறகும் சில ரிங்கிட் வரை கடனாக ஓடவிடும். அடுத்த டாப் அப்பில் அந்தக் கடன்தான் முதலில் கழியும். இருபது போட்டவருக்குப் பதினைந்துதான் காட்டினால் அது திருட்டாக இருக்கவேண்டியதில்லை. செயலி நிறுவனம் ஒவ்வொரு டாப் அப்புக்கும் சேவைக் கட்டணம் எடுப்பதும் உண்டு. குடிபோகும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யூனிட்டுக்கு எத்தனை சென், கடன் வரம்பு எவ்வளவு, சேவைக் கட்டணம் உண்டா.

மீதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது என்பது என் கருத்து. பார்க்கவேண்டியது kWh எண்ணை. திங்கள் இரவு அது 1842.6 என்றும் மீதி 31.40 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு எண் 1857.0. இடையில் ஓடியது 14.4 யூனிட். விகிதம் 50 சென் என்றால் 7.20 ரிங்கிட் போயிருக்கவேண்டும், மீதி 24.20 இருக்கவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும், தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும்.

மீட்டர் கூடுதலாக ஓடுகிறதோ என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. அதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும், பக்கத்தில் 1600 imp/kWh என்பதுபோல் எழுதியிருக்கும். 1600 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏர்கோனை மட்டும் ஓடவிடுங்கள். கம்ப்ரெசர் ஓடும்போது ஒரு நிமிடத்தில் 20 முறை மினுக்கினால், மணிக்கு 1200 முறை. அதை 1600-ஆல் வகுத்தால் 0.75 கிலோவாட், அதாவது 750 வாட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்கு அது பொருத்தமான அளவுதான். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ கம்பி போகிறது. கூடத்து ஃபேனோ, பக்கத்து அறைப் பிளக்கோ உங்கள் கணக்கில் ஓடலாம். பழைய வீட்டைத் தடுத்து அறைகளாக்கிய இடங்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மாதக் கணக்குக்கு வருவோம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின் கட்டண முறை மாறிவிட்டது. மாதம் 1500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு உற்பத்தி, கொள்திறன், கம்பிவலைக் கட்டணம் மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதிலிருந்து ஊக்கத் தள்ளுபடி கிடைக்கும். 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென் தள்ளுபடி. பயன்பாடு ஏற ஏற அது சுருங்கி, 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென் என்றாகி, ஆயிரத்தைத் தாண்டினால் இல்லாமலே போய்விடும். எந்தப் படியில் மாதம் முடிகிறதோ, அந்தப் படியின் தள்ளுபடிதான் அந்த மாதத்து யூனிட்டுகள் அனைத்துக்கும். 600-ஐத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

கணக்குக்காக ஐந்து அறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்கு 110 யூனிட், கூடத்துக்கும் சமையலறைக்கும் 100. மொத்தம் 650. யூனிட்டுக்கு 36.93 சென் வீதம் 240.05, சில்லறைக் கட்டணத்தோடு 250.05 ரிங்கிட். எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டலும் வரியும் இதற்கு மேல். வீட்டுக்காரர் அறை மீட்டர்களில் 50 சென் வைத்திருந்தால் 550 யூனிட்டுக்கு அவர் கைக்கு வருவது 275. பொதுவிட மின்சாரமும் இதிலேயே அடங்குகிறது என்பதால் இதைக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. 65, 70 சென் என்றால் விளக்கம் கேட்பதில் தவறில்லை.

இதே வீட்டில் ஒவ்வோர் அறையும் மாதம் பத்து யூனிட் குறைத்தால், அதாவது ஏர்கோனை இரவுக்கு அரை மணி நேரம் முன்னதாக நிறுத்தினால், மொத்தம் 600-இல் நின்றுவிடும். தெனாகா பில் 212.58 ரிங்கிட்டுக்கு இறங்கும். குறைவது 37 ரிங்கிட்டுக்கு மேல். ஆனால் குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் மிச்சமாவது ஐந்து ரிங்கிட்தான், ஐவருக்கும் சேர்த்து 25. மீதி 12 ரிங்கிட் வீட்டுக்காரர் பக்கம் போகிறது. அறை மீட்டருக்குப் படிநிலை தெரியாது, மாதம் எங்கே முடியும் என்பதும் தெரியாது. மாதம் 110 யூனிட் மட்டும் செலவழிப்பவர் தனி வீட்டில் இருந்தால் யூனிட்டுக்கு 19.43 சென்தான் கட்டுவார். பகிர்ந்த வீட்டில் அந்தச் சலுகை அவருக்கு எட்டாது. அதனால்தான் தெனாகாவின் மாத பில்லை வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் பார்க்கும்படி பகிரச் சொல்வதை நியாயமான கோரிக்கையாக நினைக்கிறேன். வீட்டுக்காரர் myTNB செயலியில் நடப்பு மாதப் பயன்பாட்டைப் பார்த்துச் சொன்னால், இருபதாம் தேதியிலேயே 600-ஐத் தாண்டுவோமா என்று கணித்துவிடலாம்.

மீதி எவ்வளவுக்கு இறங்கும்போது டாப் அப் செய்வது? ரிங்கிட்டில் யோசிக்காமல் நாளில் யோசியுங்கள். வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு முழுக்க அறையில் இருந்தால் எத்தனை யூனிட் போகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எட்டு யூனிட் என்றால் 50 சென் விகிதத்தில் நான்கு ரிங்கிட். நீண்ட விடுமுறையில் செயலியோ வங்கியோ தகராறு செய்தாலும் மூன்று நாள் தாங்கவேண்டும் என்றால் 12 ரிங்கிட். செயலியில் எச்சரிக்கை அளவை அங்கே வையுங்கள். ஊருக்குப் போகும்போது அறையில் சிறு குளிர்பெட்டி இருந்தால் அதற்கென்று தனியாகச் சில ரிங்கிட் விட்டுச் செல்லவேண்டும். மீதி தீர்ந்தால், குளிர்பெட்டிக்குள் இருக்கும் சாப்பாட்டைப் பற்றி மீட்டருக்குத் தெரியாது.

இரவில் திடீரென்று மின்சாரம் நின்றால் உடனே பணம் போடாதீர்கள். முதலில் மீட்டர் திரையைப் பாருங்கள். திரையும் அணைந்திருந்தால் மீட்டருக்கே மின்சாரம் வரவில்லை. வீட்டின் பிரதான சுவிட்சோ தெனாகாவின் தடையோ காரணம், டாப் அப் செய்து பயனில்லை. திரை எரிகிறது, மீதி பூஜ்யம் என்றால் பணம்தான் பிரச்சினை. திரை எரிகிறது, மீதியும் இருக்கிறது, ரிலே விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது என்றால் கட்டளை வந்துசேரவில்லை. வைஃபை ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். எல்லாம் சரியாகக் காட்டியும் அறை இருட்டாக இருந்தால், அறையின் சொந்த பிரேக்கர் விழுந்திருக்கும். அதை ஒரு முறை தூக்கிவிடலாம். உடனே மறுபடி விழுந்தால் தொடாமல் விட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லி உரிமம் பெற்ற வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள்.