குழந்தை முகத்தை ஏன் சுருக்க முடியாது?

2012இல் வந்த 'பிரேக்கிங் டான் - பகுதி 2' படத்தில் ரெனெஸ்மி என்ற குழந்தைக்குச் சிறுமி மெக்கன்சி ஃபாயின் முகச் சாயலைக் கணினியில் பொருத்தினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு அந்த முகம் உறுத்தியது.

காரணம் எலும்பில் இருக்கிறது. பிறக்கும்போது மண்டை ஓடு முகத்தைவிட ஏறக்குறைய 8 மடங்கு பெரிது. பெரியவர்களிடம் 2 மடங்குதான். அதனால் நெற்றி உயர்ந்து, கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். கண்ணின் கருவிழியோ பிறப்பிலேயே கிட்டத்தட்ட வளர்ந்த அளவு. பல் முளைக்காத தாடை சிறியது. மூத்த முகத்தைச் சீராகச் சுருக்கினால் குள்ளமான பெரியவர் கிடைப்பார். குழந்தை முகத்தை மூலமாக்கிப் பெரிய தலையில் இழுத்தால் கன்னம் தொங்கும்.

தோல் இன்னும் கடினம். சிசுவின் தோல் மெல்லியது. உள்ளே போன ஒளி இரத்தச் சிவப்போடு வெளியே கசியும். துளைகளை வழித்தெடுக்கும் மென்மையாக்கம் அந்தச் சிவப்பையும் அழித்து, ரப்பர் பொம்மையாக்கிவிடும். காது விளிம்பில் ஒளி கசியாவிட்டால் போலி என்று கண்டுகொள்ளலாம்.

சம்மதம் சொல்லத் தெரியாத வயது அது. பெற்றோரின் ஒப்பந்தமில்லாமல் எந்தக் குழந்தையின் முகத்தையும் எடுக்காதீர்கள்.