ஒன்பது சோதனை எதைப் பார்க்காது?

4386-ஐ 607-ஆல் பெருக்கி 26,62,302 என்று எழுதியாகிவிட்டது. விடை சரிதானா? முழுக் கணக்கையும் மறுபடி போட்டால் முதலில் தவறிய இடத்திலேயே மறுபடியும் தவறக்கூடும். அதனால் வேறு வழியில் சரிபார்ப்பது நல்லது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் ஒன்பது சோதனை அப்படி ஒரு வழி.

4386-இன் இலக்கங்களைக் கூட்டினால் 21. அதையும் கூட்டினால் 3. அவ்வளவு கூட்டக்கூடத் தேவையில்லை: 3-உம் 6-உம் சேர்ந்து 9 ஆகின்றன, அவற்றை அடித்துவிடலாம். மிஞ்சும் 4-உம் 8-உம் 12, அது 3. அடுத்து 607: 6-உம் 7-உம் 13, அது 4. இந்த 3-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் 12, அதாவது 3. விடையான 26,62,302-இன் இலக்கங்களைக் கூட்டினால் 21, அதுவும் 3. இரண்டும் பொருந்துகின்றன.

இது ஏன் பலிக்கிறது? 10 என்பது 9-ஐவிட ஒன்று அதிகம், 100 என்பது 99-ஐவிட ஒன்று அதிகம், 1000 என்பது 999-ஐவிட ஒன்று அதிகம். ஆகவே 4386-இல் உள்ள 4 ஆயிரத்தை 9-ஆல் வகுத்தால் வெறும் 4 நிற்கிறது, 3 நூறில் 3, 8 பத்தில் 8. இலக்கங்களின் கூட்டுத்தொகை உண்மையில் 9-ஆல் வகுத்தபின் நிற்கும் மீதிதான். இரண்டு எண்களைப் பெருக்கும்போது மீதிகளும் அதே போக்கில் பெருகுகின்றன. சோதனையின் அடிப்படை இவ்வளவே.

இது பழைய முறை. 1202-இல் ஃபிபொனாச்சி எழுதிய ‘லிபர் அபாசி’ நூலில் பெருக்கல்களைச் சரிபார்க்க இது திரும்பத் திரும்ப வருகிறது. அவர் 9-உடன் நிற்காமல் 7, 11 ஆகியவற்றின் மீதிகளையும் எடுத்துப் பார்த்தார். 9 மட்டும் ஏன் போதாது என்பதை நம் கணக்கிலேயே காணலாம்.

முதலில் அது பிடிக்கும் தவறு. 607-இல் உள்ள 7-ஆல் பெருக்கினால் முதல் வரி 30,702. நடுவில் பூஜ்யம். பிறகு 6-ஆல் பெருக்கி வருகிற 26,316-ஐ இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளி எழுத வேண்டும். இரண்டு வரிகளையும் கூட்டும்போது நூறாம் இடத்தில் 6-உம் 7-உம் 13; கையில் 1. அந்த ஒன்றைச் சேர்க்க மறந்தால் விடை 26,61,302 ஆகிவிடும். இதன் இலக்கங்கள் 20, அதாவது 2. வர வேண்டியது 3. தவறு உடனே தெரிந்துவிடுகிறது. கையில் இருந்த 1 எந்த இடத்தில் விடுபட்டாலும் மீதி ஒன்று குறைந்தே தீரும் என்பதால், தனியாக நிகழும் இந்த மறதி ஒருபோதும் தப்பாது.

இப்போது தப்பிக்கும் தவறு. நடுப் பூஜ்யத்தைக் கவனிக்காமல் 26,316-ஐ ஒரே ஒரு இடம் தள்ளி எழுதினால் 2,63,160-உம் 30,702-உம் சேர்ந்து 2,93,862 வரும். இலக்கங்களைக் கூட்டினால் 30, அது 3. சோதனை ‘சரி’ என்கிறது! விடையோ உண்மையானதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வரி ஓரிடம் நகர்ந்தால் அதன் மதிப்பு பத்து மடங்கு மாறுகிறது. பத்து மடங்குக்கும் ஒரு மடங்குக்கும் இடையே இருப்பது சரியாக ஒன்பது மடங்கு. பெருக்கலில் மிகச் சாதாரணமாக நேரும் இடத் தவறுதான் இந்தச் சோதனையின் கண்ணில் படவே படாத தவறு. விடையைப் படியெடுக்கும்போது 62 என்பதை 26 என்று மாற்றி எழுதினாலும் இதே கதைதான். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே.

இங்கேதான் 11 கைகொடுக்கிறது. வலக்கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 4386-க்கு 6−8+3−4, அதாவது −3. 11 சேர்த்தால் 8. 607-க்கு 7−0+6, அதாவது 13. 11 போக 2. எட்டும் இரண்டும் பெருக 16. 11 போக 5. சரியான விடை 26,62,302-க்கும் இப்படிச் செய்தால் 5 வருகிறது. தவறான 2,93,862-க்கு 2−6+8−3+9−2, அதாவது 8. மாட்டிக்கொண்டது.

ஆனால் 26,316-ஐத் தள்ளாமலே 30,702-க்கு நேர் கீழே எழுதிவிட்டால்? கூட்டினால் 57,018. ஒன்பது சோதனையில் 3, பதினொன்று சோதனையில் 8−1+0−7+5, அதாவது 5. இரண்டிலும் தேறிவிடுகிறது! இரண்டிடம் நகர்வது நூறு மடங்கு மாற்றம். இடைவெளி 99 மடங்கு. 99-ஐ 9-உம் வகுக்கும், 11-உம் வகுக்கும். இதைப் பிடிக்க மீதிகள் உதவா, அளவுதான் உதவும். 4400-ஐ 600-ஆல் மனக்கணக்காகப் பெருக்கினால் 26 லட்சத்து 40 ஆயிரம். விடை 57 ஆயிரமாக இருக்க வழியே இல்லை.